அண்ணாச்சியின் ஃப்ரீசர் அக்ரிமெண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவன். எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, ஐஸ்கிரீம் ஏஜென்சி நீட்டிய அக்ரிமெண்ட்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட கதையை எத்தனையோ கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். ஏஜென்சியின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

அண்ணாச்சிக்கு அப்படி என்னதான் நடந்துச்சு?

ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில், நல்ல வெயில் நேரத்தில், ஏஜென்சியின் சேல்ஸ்மேன் வந்தார். "ஃப்ரீசர் எங்களோடது அண்ணாச்சி, நீங்க வாங்க வேண்டாம். 8,000 ரூபாய் டெபாசிட் மட்டும் குடுங்க, கரண்ட் உங்களோடது" என்றார். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சேல்ஸ்மேன் ஐந்து பக்கத் தாளை கல்லாப்பெட்டி மேல் வைத்து, பெருக்கல் குறி போட்ட இடத்தையெல்லாம் விரலால் காட்டினார். அண்ணாச்சி ஒரு கையில் பருப்பு எடை போட்டுக்கொண்டே இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டார். கூடவே தேதியும் தொகையும் எழுதாத ஒரு செக்கிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்ரிமெண்ட்டின் நகல் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

முதல் நான்கு மாதம் மாதத்துக்கு 22,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தார். ஜூலையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் குறைந்தது, பிறகு மழை வந்தது. மீதி எட்டு மாதமும் 9,000 ரூபாய் அளவில்தான் எடுக்க முடிந்தது. அடுத்த மார்ச்சில் ஏஜென்சியின் லைன்மேன் கொண்டுவந்த லெட்ஜர் நகலில் 9,600 ரூபாய் டெபிட் ஆகியிருந்தது. என்னவென்று கேட்டால் "குறைந்தபட்சக் கொள்முதல் பற்றாக்குறை" என்றார்கள். கோபத்தில் அண்ணாச்சி, "உங்க ஃப்ரீசரை எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துக்கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து வந்தது நோட்டீஸ்: டெபாசிட்டைக் கழித்துக்கொண்டது போக 88,288 ரூபாய் கட்ட வேண்டும்.

அந்த அபராதம் அக்ரிமெண்ட்ல எந்த இடத்துல ஒளிஞ்சிருந்துச்சு?

அபராதம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. நகல் வாங்கி வந்த அன்று அண்ணாச்சியும் நானும் இரண்டு தடவை தேடினோம். மூன்றாம் பக்கத்தில் "கடைக்காரர் இணைப்பு ‘பி’யில் கண்ட வணிக நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்" என்று ஒரே ஒரு வரி. அந்த இணைப்பு ஐந்தாம் பக்கத்தில், ஃப்ரீசரின் மாடல் நம்பரும் லிட்டர் அளவும் எழுதிய அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில் இருந்தது.

அங்கே சில விஷயங்களைச் சொல்லியிருந்தார்கள். காலம் 36 மாதம். மாதம் 15,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்க வேண்டும். எடுக்காத தொகைக்கு 20 சதவீதம் "இழப்பீட்டுச் சரிக்கட்டல்". இடையில் விலகினால் மீதியுள்ள மாதங்கள் அனைத்துக்கும் அதே 20 சதவீதம், ஒரே தவணையில்.

இதில் என்னை அதிகம் உறுத்தியது பற்றாக்குறையை மாதாமாதம் பார்ப்பார்கள் என்ற வரி. வருடக் கணக்குப்படி அண்ணாச்சி 1,80,000 எடுக்க வேண்டிய இடத்தில் 1,60,000 எடுத்திருக்கிறார். குறைவு 20,000தான், அதற்கு 20 சதவீதம் 4,000. மாதக் கணக்கில் கோடையில் கூடுதலாக எடுத்த 28,000 காணாமல் போய்விடுகிறது. எட்டு மாதமும் 6,000 வீதம் 48,000 குறைவு, அதற்கு 9,600. ஐஸ்கிரீம் நான்கு மாதம் ஓடி எட்டு மாதம் படுக்கும் சரக்கு என்பது ஏஜென்சிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

88,288ன்னு எப்படி வந்துச்சு? கணக்கே புரியலையே?

முதல் வருடப் பற்றாக்குறை 9,600. மீதி 24 மாதத்துக்கு மாதம் 15,000 வீதம் 3,60,000. அதில் 20 சதவீதம் 72,000. இரண்டும் சேர்ந்து 81,600. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 14,688 சேர்த்து 96,288 ஆக்கி, டெபாசிட் 8,000 கழித்தார்கள்.

படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொன்னா கோர்ட்டு கேக்காதா?

கேட்காது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், உள்ளே இருப்பதற்கு ஒத்துக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. வேல்ஸில் லாண்டட்னோ என்ற கடற்கரை ஊரில் சிற்றுண்டிக் கடை நடத்திய ஒரு பெண்மணி, காசு போட்டால் சிகரெட் தரும் இயந்திரம் வாங்கினார். பழுப்புத் தாளில் பொடி எழுத்தில் இருந்த ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டார். இயந்திரம் வேலை செய்யவில்லை. இயந்திரத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்ற வரி அந்தப் பொடி எழுத்தில் இருந்தது. 1934இல் இங்கிலாந்து நீதிமன்றம் அவர் கையெழுத்து அவரைக் கட்டும் என்றே தீர்ப்புச் சொன்னது. இன்றும் சட்டம் படிப்பவர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லித்தருகிறார்கள்.

ஆகவே "நான் படிக்கவில்லை" என்பதையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நமக்குப் பிடிமானம் வேறு இடத்தில் இருக்கிறது.

அக்ரிமெண்ட்டு முழுக்க இங்கிலீஷ்ல இருந்துச்சு. "எவ்வளவு வேணா எடுங்க, கட்டாயமில்லை"ன்னு சேல்ஸ்மேன் வாயால சொன்னான். அதுக்கு மதிப்பே இல்லையா?

மதிப்பு உண்டு, நிரூபிப்பதுதான் பாடு. இது என்ன பத்திரம் என்பதிலேயே ஒருவரை ஏமாற்றியிருந்தால், உதாரணமாக ரசீது என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தப் பத்திரம் செல்லாது. பத்திரம் இன்னதென்று தெரிந்து, உள்ளே இருப்பதைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால், அதை ரத்து செய்யக் கேட்கும் உரிமை மட்டும் கிடைக்கும்; கேட்கும்வரை அது செல்லும். இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. அண்ணாச்சியின் நிலைமை இரண்டாவது வகை.

அதிலும் ஒரு முள் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 19ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு: வேண்டுமென்றே பொய் சொல்லாமல் தவறாகச் சொல்லியிருந்தாலோ, சொல்லாமல் மறைத்திருந்தாலோ, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், ரத்து கேட்க முடியாது. ஐந்தாம் பக்கம் கண்ணெதிரே இருந்ததே என்பார்கள். சேல்ஸ்மேன் அதே வார்த்தையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நிலைமை மாறும். அண்ணாச்சியிடம் அப்படி எதுவும் இல்லை, அதனால் இந்த வழியில் நாங்கள் போகவில்லை.

அப்போ எழுதியிருக்கிற தொகையை அப்படியே கட்டித்தான் ஆகணுமா?

இல்லை. நான் மேலே சொன்ன பிடிமானம் இங்கேதான். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும், அல்லது அபராதமாக வேறு எந்த நிபந்தனை போட்டிருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு "நியாயமான இழப்பீடு" மட்டுமே உண்டு என்கிறது. எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. அதைத் தாண்டிக் கேட்க முடியாது, அதுவரை கிடைத்தே தீரும் என்றும் இல்லை. பெயரை "சரிக்கட்டல்" என்று மாற்றி எழுதுவதால் இந்தப் பிரிவிலிருந்து தப்ப முடியாது.

உச்ச நீதிமன்றம் 1963இல் ஃபதே சந்த் வழக்கில் இதை விரிவாகச் சொன்னது. முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் இதே விதிதான் என்றது. 2015இல் கைலாஷ்நாத் வழக்கில் இன்னும் தெளிவாக்கியது: நஷ்டமே ஏற்படவில்லை என்றால் இழப்பீடும் இல்லை, நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்கவே கடினமான நஷ்டங்களில் மட்டும், எழுதிய தொகை நியாயமான முன்மதிப்பீடாக இருந்தால் அதை அப்படியே தரலாம். ஐஸ்கிரீம் விற்பனையில் ஏஜென்சியின் லாபம் எவ்வளவு என்பது அவர்களுடைய பில்லிலேயே இருக்கிறது. அதை நிரூபிப்பது கடினம் என்று யாரும் சொல்ல முடியாது.

நியாயமான இழப்பீடுன்னா அதை எப்படிக் கணக்குப் போடறது?

அண்ணாச்சி விலகியதால் ஏஜென்சியின் பையில் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். வக்கீல் மூலம் அனுப்பிய பதிலில், "உங்கள் நஷ்டக் கணக்கைத் தாருங்கள்" என்று ஒரே ஒரு கேள்வியைத்தான் அழுத்திக் கேட்டோம். அவர்கள் எழுதிய பதிலில், விற்பனையில் தங்களுக்கு 8 சதவீதம் லாபம் என்றும் அது போய்விட்டது என்றும் சொன்னார்கள். அந்த ஒரு வரி எங்களுக்குப் போதுமாக இருந்தது. லாபம் 8 சதவீதமாக இருக்கும்போது, பற்றாக்குறைக்கு 20 சதவீதம் வாங்கினால், சரக்கு விற்பதைவிட விற்காமல் இருப்பது அவர்களுக்கு லாபம் என்றாகிவிடும். அது இழப்பீடு ஆகாது.

அடுத்தது, நஷ்டத்தைக் குறைக்க அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. 73ஆம் பிரிவின் விளக்கமே, நஷ்டத்தைச் சரிசெய்ய இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஃப்ரீசரைத் திருப்பி அனுப்பும்போது அண்ணாச்சி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த சீரியல் நம்பரை எழுதி, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று டிரைவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். இருபது நாள் கழித்து, மூன்று தெரு தள்ளி ஒரு பேக்கரியில் அதே நம்பர் ஃப்ரீசர் நின்றது. போட்டோ எடுத்து வைத்தோம். 24 மாத நஷ்டம் என்ற பேச்சு அந்தப் போட்டோவோடு போயிற்று.

எங்கள் கணக்கு இப்படி முடிந்தது. முதல் வருடத்தில் உண்மையான குறைவு 20,000, அதில் 8 சதவீதம் 1,600. ஃப்ரீசர் சும்மா நின்ற நாட்களுக்கு, தாராளமாக ஒரு மாதம் என்றே வைத்துக்கொண்டு, 15,000இல் 8 சதவீதம் 1,200. வண்டி வாடகையும் ஏற்றிறக்கக் கூலியும் 1,500. ஆக 4,300. ஃப்ரீசர் வேறு கடைக்குப் போகாமல் கிடங்கிலேயே கிடந்திருந்தால் இந்தத் தொகை நிச்சயம் கூடியிருக்கும். உங்கள் கணக்கில் அதையும் பாருங்கள்.

வெறும் செக் அவங்க கையில இருக்கே? ஸ்டாப் பேமெண்ட் குடுத்துட்டா போதாதா?

போதாது. ஸ்டாப் பேமெண்ட் கொடுத்துத் திரும்பிய செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். "நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன், தொகையை அவர்களே எழுதிக்கொண்டார்கள்" என்பதும் தனியாக நிற்காது. விருப்பப்பட்டுக் கொடுத்த வெற்றுச் செக்காக இருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் உண்டு என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அனுமானத்தை உடைப்பது நம் வேலை.

உடைக்க முடியும். செக்கைப் போடும் நாளில் அந்தத் தொகைக்குச் சட்டப்படி கடன் இருந்ததா என்பதுதான் கேள்வி. 74ஆம் பிரிவைப் பற்றி மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்: எழுதி வைத்த அபராதம், நியாயமான இழப்பீடு இவ்வளவு என்று முடிவாகும்வரை, நிச்சயமான கடன் ஆகாது என்பது நம் வாதம். ஆனால் இதைச் செக் திரும்புவதற்கு முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். செக் நம்பரைக் குறிப்பிட்டு, அது பிணையாகக் கொடுத்தது, தொகையை நான் மறுக்கிறேன், செக்கைத் திருப்பித் தாருங்கள் என்று டெலிவரி ஒப்புகை கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அந்த ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி நோட்டீஸ் வந்த மூன்றாம் நாளே அனுப்பினார்.

செக் ஏற்கெனவே திரும்பிவிட்டால் நாட்களைக் கவனியுங்கள். வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் தர வேண்டும். அது உங்கள் கைக்கு வந்ததும் பணம் கட்ட உங்களுக்கு 15 நாள். தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சரியான முகவரிக்கு வந்த நோட்டீஸை வாங்க மறுத்தால் வாங்கியதாகவே கருதப்படும்.

அபராதத்துக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடலாமா?

ஒப்பந்தத்தை மீறியதற்கான இழப்பீடு என்றால் போடக்கூடாது. மத்திய அரசின் மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்ட 178 எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாக்குகிறது: மீறலால் வந்த நஷ்டத்துக்கான தொகை எந்தச் சேவைக்கும் கொடுத்த விலை இல்லை. அதே சுற்றறிக்கையில், இடையிலேயே விலகிக்கொள்ள வசதி கொடுத்து அதற்காக வாங்கும் கட்டணத்துக்கு வரி உண்டு என்றும் இருக்கிறது. ஏஜென்சி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அவர்களே தங்கள் நோட்டீஸில் "மீறல்" என்று எழுதியிருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம். அண்ணாச்சிக்கு வந்த நோட்டீஸில் நான்கு இடத்தில் அந்தச் சொல் இருந்தது.

அண்ணாச்சி, விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. அந்த 14,688 போனால் போனதுதான்.

நுகர்வோர் கோர்ட்டுல போட்டா சீக்கிரம் முடியுமாமே?

அந்தக் கதவு பெரும்பாலும் நமக்கு மூடியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், மறுபடி விற்பதற்காகச் சரக்கு வாங்குபவர் நுகர்வோர் இல்லை. சுயதொழிலுக்காக வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களுக்குச் சலுகை உண்டு, உதாரணமாகத் தையல்காரர் வாங்கும் தையல் மிஷின். விற்பதற்காக எடுக்கும் ஐஸ்கிரீம் அதில் வராது. அளவுக்கு மீறிய அபராதத்தை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அந்தச் சட்டம் சொல்வது உண்மைதான், ஆனால் நுகர்வோருக்கு மட்டும். சின்னக் கடைக்காரருக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பது என் மனமார்ந்த கருத்து. கல்லாவில் தனியாக நிற்கிறவருக்கும் கம்பெனிக்கும் பேரம் பேசும் பலம் ஒன்றில்லை.

தகராறு வந்தா கோர்ட்டுக்குப் பதிலா அவங்க ஓனரே நடுவரைப் போடுவாராம், விசாரணை வேற ஊர்லயாம். போகாம விட்டுடலாமா?

போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒருவர் தானே தனியொரு நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுவர் நோட்டீஸ் வந்ததும், இந்த நியமனத்துக்கு எனக்குச் சம்மதமில்லை என்று எழுத்தில் அனுப்புங்கள்.

சும்மா இருந்தால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். அதை எதிர்த்து நீதிமன்றம் போக மூன்று மாதம்தான், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு பேன்சி ஸ்டோர்காரர் இப்படித்தான் தபாலைப் பிரிக்காமலே மேசையில் போட்டு வைத்திருந்தார்.

எனக்கும் ஃப்ரீசர் தர்றோம்ங்கறாங்க. வேணும். எதை மாத்தச் சொல்லணும்?

முதலில் நகலை ஒரு இரவு வீட்டுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படியுங்கள், ஏனென்றால் எண்கள் எல்லாம் இணைப்பில்தான் இருக்கும். எங்கெல்லாம் சதவீதமோ மாதமோ வருகிறதோ, அந்த வரியை அடிக்கோடிட்டு, "நான் நவம்பரில் பாதி சரக்குத்தான் எடுத்தால் இந்த வரி என்னை எவ்வளவு கேட்கும்?" என்று தாளில் போட்டுப் பாருங்கள்.

மாற்றக் கேட்க வேண்டியது இரண்டுதான் என்று நினைக்கிறேன். பற்றாக்குறையை வருடக் கணக்கில் பார்க்க வேண்டும். ஒரு மாத முன்னறிவிப்பும் ஃப்ரீசரும் கொடுத்தால் விலகலாம் என்று இருக்க வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் அச்சடித்த தாளை மாற்ற முடியாது என்பார்கள். பேனாவால் அடித்து, பக்கத்தில் எழுதி, இருவரும் சுருக்கொப்பம் போட்டால் அது செல்லும். வெற்றுச் செக் கேட்டால், டெபாசிட் தொகைக்கு மேல் போகாதபடி தொகையை எழுதி, "ஃப்ரீசருக்கான பிணை" என்று அக்ரிமெண்ட்டில் செக் நம்பரோடு குறிக்கச் சொல்லுங்கள்.

கடைசில அண்ணாச்சி எவ்வளவுதான் கட்டினாரு?

டெபாசிட் 8,000 போயிற்று. எங்கள் கணக்குப்படி அவர்களுக்குச் சேர வேண்டியது 4,300, மீதி 3,700 திரும்பி வந்திருக்க வேண்டும். அதற்காக வழக்கு நடத்தலாமா என்று கேட்டேன். "செக்கு கைக்கு வந்தாப் போதும் தம்பி, கடையைப் பூட்டிட்டு எத்தனை நாள் அலையறது" என்றார். வக்கீலும் அதையே சொன்னார். பேச்சு முடிய ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது.

பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தை ஏஜென்சியின் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு வாங்கினோம். 9,600 டெபிட்டும் ஜி.எஸ்.டி.யும் நீக்கப்பட்ட லெட்ஜர் நகலையும் வாங்கினோம். செக்கை மேனேஜர் ஒரு கவரில் வைத்துக் கொடுத்தார். அண்ணாச்சி கவரைப் பிரித்து, செக் நம்பரைத் தன் செக் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒத்துப் பார்த்தார். தேதியும் தொகையும் அப்போதும் வெறுமையாகத்தான் இருந்தன.